கஞ்சிக்கோட்டில் ஆள் எடுக்க மூன்று ஏஜென்சி ஒப்பந்தங்கள்: எதில் கையெழுத்துப் போடுவது?

வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோட்டில் பட்டறையோ தொழிற்சாலையோ நடத்துகிறவர்களுக்கு ஆள் தேடித் தரும் ஏஜென்சி பெரும்பாலும் கோயம்புத்தூரில் இருக்கும். வேலைக்கு வருகிறவர் எட்டிமடை, மதுக்கரை, கிணத்துக்கடவு பக்கமோ, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமோ இருப்பார். ஒப்பந்தத் தாளை ஏஜென்சியே தயாராக வைத்திருக்கும். கையில் வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது கட்டணம் எத்தனை சதவீதம் என்பதைத்தான். அதைக் கடைசியில் பார்த்தால் போதும். சேர்ந்த ஆள் எழுபதாம் நாள் நின்றுபோனால் என்ன நடக்கும், அன்றைக்குப் பணம் யார் கையில் இருக்கும் என்ற இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு சதவீதத்தைப் பேசினால், அந்தப் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். எண்பது பேர் வேலை செய்யும் ஒரு மெஷினிங் யூனிட்டுக்கு எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர் வேண்டும். ஆண்டு சி.டி.சி., அதாவது அவருக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, 6,00,000 ரூபாய். ஆளைக் கம்பெனி நேரடியாகத் தன் சம்பளப் பட்டியலிலேயே எடுத்துக்கொள்ளும். கான்ட்ராக்ட் ஆள் சப்ளை இதில் சேராது, அதற்குச் சட்டமும் ஒப்பந்தமும் வேறு. மூன்று ஏஜென்சிகள் மூன்று விதமாக எழுதித் தருகின்றன.

முதலாவது, இந்தத் தொழிலில் அதிகம் புழங்குகிற முறை. கட்டணம் சி.டி.சி.யில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், 49,980 ரூபாய். ஆள் சேர்ந்து 30 நாளில் முழுத் தொகையும் கொடுத்துவிட வேண்டும். 90 நாளுக்குள் ஆள் நின்றால் ஒரு முறை மாற்று ஆள் இலவசம். பணம் திரும்பக் கிடையாது.

இரண்டாவது, 10 சதவீதம்; 60,000 ரூபாய். சேர்ந்ததும் பாதி, 91-ஆம் நாள் மீதிப் பாதி. முதல் 30 நாளில் ஆள் நின்றால் கொடுத்த பாதி திரும்பி வரும். 31-ஆம் நாளிலிருந்து 90-ஆம் நாளுக்குள் நின்றால் ஏஜென்சி முதல் பாதியை வைத்துக்கொள்ளும், இரண்டாம் பாதி கொடுக்க வேண்டாம். மாற்று ஆள் வேண்டுமென்றால் அது புதுக் கணக்கு.

மூன்றாவது, மொத்தமாக 40,000 ரூபாய். 30 நாளுக்குள் நின்றால் மட்டும் மாற்று ஆள். அதற்கு மேல் பொறுப்பில்லை.

மூன்றுக்கும் மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். ஏஜென்சி தமிழ்நாட்டிலும் கம்பெனி கேரளத்திலும் இருப்பதால் இன்வாய்ஸில் ஐ.ஜி.எஸ்.டி. என்று இருக்க வேண்டும், சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பிரித்துப் போட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வரி உள்ளீட்டு வரவாகக் கிடைத்துவிடும் என்பதால் கீழே உள்ள கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

பாதிப் பாதி கொடுப்பது உண்மையில் லாபமா?

முதலில் பார்த்தால் இரண்டாவது ஒப்பந்தம்தான் பத்திரமாகத் தெரியும். பணத்தில் பாதி நம் கையிலேயே இருக்கிறதல்லவா. ஒரு வருடத்தில் இப்படி ஐந்து பேரை எடுத்து, அதில் ஒருவர் 71-ஆம் நாள் நின்றுபோனார் என்று வைத்துப் பார்ப்போம்.

இரண்டாவது ஒப்பந்தத்தில் நிலைத்த நான்கு பேருக்கு 2,40,000 ரூபாய், நின்றுபோனவருக்கு 30,000, அவர் இடத்துக்கு வந்த புது ஆளுக்கு 60,000. மொத்தம் 3,30,000. முதல் ஒப்பந்தத்தில் ஐந்து பேருக்கும் சேர்த்து 2,49,900. ஏஜென்சி சொன்னபடி மாற்று ஆள் தந்தால் அதோடு முடிந்தது. தராமல் ஏமாற்றி, வேறு ஏஜென்சியிடம் அதே விலைக்குப் போக நேர்ந்தாலும் 2,99,880 தான். ஏஜென்சி வாக்குத் தவறினாலும்கூட முதல் ஒப்பந்தமே மலிவு. காரணம் எளிது: நிலைத்து நிற்கிற ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 10,020 ரூபாய் கொடுத்து, எப்போதோ ஒருவர் நின்றுபோகும்போது 30,000 மிச்சம் பிடிக்கிறோம். ஆட்கள் கொத்துக் கொத்தாக நின்றுபோகும் இடமாக இருந்தால்தான் இது கட்டுப்படியாகும். அப்படிப்பட்ட இடத்தில் கோளாறு ஏஜென்சியிடம் இருக்க வாய்ப்புக் குறைவு.

மூன்றாவது ஒப்பந்தத்தில் அதே கணக்கு 2,40,000 ரூபாய்தான், ஆறு பேருக்குக் கட்டணம் கொடுத்தாலும். ஒருவர் மட்டும் நின்றால் இதுவே ஆகக் குறைவு. இருவர் நின்றால் 2,80,000 ஆகிவிடும். முதல் ஒப்பந்தமோ, மாற்று ஆட்கள் வந்துவிட்டால், 2,49,900-லேயே நிற்கும். மெயின்டெனன்ஸ் இன்ஜினியர் இல்லாமல் ஒரு மாதம் ஓட்டுவதில் ஏற்படும் நஷ்டத்தை இதில் சேர்க்கவே இல்லை. 30 நாளோடு பொறுப்பு முடிகிற ஏஜென்சி, ஆள் தேறுவாரா என்று அலசிப் பார்க்க மெனக்கெடாது என்பதும் அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். சி.என்.சி. ஆபரேட்டர், ஹெல்பர் போன்ற வேலைகளுக்கு மொத்தத் தொகை முறை சரிதான். அங்கே பத்து நாளில் ஆள் தேறுவாரா என்று தெரிந்துவிடும். இன்ஜினியர், சூப்பர்வைசர், குவாலிட்டி ஆட்களுக்கு முதல் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அதிலுள்ள ஓட்டைகளை அடைப்பதே நல்லது. ஓட்டைகள் நிறையவே இருக்கின்றன.

கியாரண்டியில் எங்கே இடறுகிறது

‘90 நாள் ரீப்ளேஸ்மென்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு அர்த்தம் மிகக் குறைவு. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை? சேர்ந்த நாளிலிருந்து என்பதில் சண்டை வராது. சண்டை வருவது மறுமுனையில். ஆள் 80-ஆம் நாள் ராஜினாமா கொடுக்கிறார். ஒரு மாத நோட்டீஸ் முடித்து 110-ஆம் நாள் வெளியே போகிறார். கடைசி வேலை நாள் 90-ஐத் தாண்டிவிட்டது, கியாரண்டி இல்லை என்று ஏஜென்சி சொல்லும். நோட்டீஸ் காலத்தை ஒழுங்காக முடிக்க வைத்ததற்காகக் கம்பெனி நஷ்டப்பட வேண்டுமா? ‘ராஜினாமா கொடுத்த தேதி, அல்லது சொல்லாமல் வராமல் நின்ற முதல் நாள், இவற்றில் எது முந்தியதோ அது 90 நாளுக்குள் இருந்தால் போதும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பதிலுக்கு, நின்ற ஏழு நாளுக்குள் மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும் என்று ஏஜென்சி கேட்கும். அது நியாயம்தான், ஒப்புக்கொள்ளுங்கள். ஹெச்.ஆர். மறந்துவிட்டால் தவறு உங்களுடையது.

அடுத்தது, மாற்று ஆள் எப்போது வருவார் என்பது. காலக்கெடு எழுதாத ஒப்பந்தத்தில் ஏஜென்சி வாரம் ஒரு ரெஸ்யூம் அனுப்பிக்கொண்டே மூன்று மாதம் கடத்த முடியும். முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறோம் என்று சொல்லும், அது பொய்யும் ஆகாது. அதனால் கெடுவும் வேண்டும், கெடு தவறினால் பணமும் வேண்டும்: 30 நாளுக்குள் தகுதியான மாற்று ஆள் வேலையில் சேராவிட்டால், கட்டணத்தில் இத்தனை பங்கு 15 நாளுக்குள் திருப்பித் தரப்பட வேண்டும். முதல் 30 நாளில் நின்றவருக்கு முழுத் தொகை, 60 நாள் வரை முக்கால் பங்கு, 90 நாள் வரை பாதி என்று கேட்டால் பல ஏஜென்சிகள் பேரம் பேசி அதற்குக் கொஞ்சம் கீழே ஒத்துக்கொள்ளும். மேலே உள்ள 71-ஆம் நாள் உதாரணத்தில் பாதி என்றால் 24,990 ரூபாய். இந்த ஒரு வரியால் முதல் ஒப்பந்தம், இரண்டாவது தருகிற பாதுகாப்பில் பெரும்பகுதியைக் கூடுதல் கட்டணம் இல்லாமலேயே தந்துவிடுகிறது. ஏஜென்சி ‘பணம் திருப்பித் தருவது எங்கள் பாலிசியில் இல்லை’ என்று பிடிவாதமாக நின்றால், கட்டணத்தில் நாலில் ஒரு பங்கை 91-ஆம் நாள் வரை நிறுத்தி வைப்பதாகக் கேளுங்கள்.

திருப்பித் தருகிற தொகைக்கு ஏஜென்சி கிரெடிட் நோட் போட வேண்டும்; நீங்கள் எடுத்த வரி வரவை அந்த அளவுக்குத் திருப்ப வேண்டியிருக்கும். இன்வாய்ஸ் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-ஐத் தாண்டினால் ஏஜென்சியால் அந்த வரியைக் குறைத்துக் காட்ட முடியாது. பிறகு ஜி.எஸ்.டி. பங்கைத் திருப்பித் தர மாட்டேன் என்று சொல்ல அதற்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும்.

மாற்றாக வந்தவரும் நின்றுபோனால்? பெரும்பாலான தாள்களில் ‘ஒரு முறை மட்டும்’ என்று இருக்கும். மாற்று ஆளுக்கும் புதிதாக 90 நாள் வேண்டும் என்று கேட்பது அதிகம். மீதமிருக்கும் நாள்கள் மட்டும் என்பது குறைவு, நம் உதாரணத்தில் அது வெறும் 19 நாள். குறைந்தது 45 நாள் என்று நடுவில் முடிக்கலாம். மாற்று ஆளின் சம்பளம் முந்தையவரைவிட அதிகமானால் வித்தியாசத்துக்கு மட்டும் கட்டணம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

எந்தக் காரணத்துக்காக நின்றால் கியாரண்டி இல்லை என்ற பட்டியலைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். வேலையின் தன்மை மாறினால், இடம் மாறினால், ஷிஃப்ட் மாறினால், சம்பளம் தாமதமானால், கம்பெனியே ஆட்குறைப்புச் செய்தால் இல்லை என்று இருக்கும். இவை நியாயமான விலக்குகள். ஆனால் ‘கம்பெனி வேலையை விட்டு நீக்கினால்’ என்று மொட்டையாக இருந்தால் வெட்டிவிடுங்கள். வேலை தெரியாதவரை நீக்குவதற்காகத்தானே கியாரண்டியே. போலிச் சான்றிதழ், பொய்யான முன் அனுபவம் என்று தெரியவந்தால் 90 நாள் வரம்பு பொருந்தாது என்றும் சேர்க்க வேண்டும். சரிபார்ப்பு முடிவு வரவே சில சமயம் அதற்கு மேல் ஆகிவிடும்.

ஷிஃப்ட் விலக்குதான் இந்த எல்லைப் பகுதியில் அதிகம் கடிக்கும். கிணத்துக்கடவிலிருந்து வருகிறவரிடம் நேர்காணலில் ஜெனரல் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டு, இரண்டாம் வாரம் நைட் ஷிஃப்டில் போட்டால் அவர் போய்விடுவார். ஏஜென்சி கையை விரிக்கும், அது சரியும்கூட. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக வேலை விவரத்தாளை வைத்து, நைட் ஷிஃப்ட் வாரத்துக்கு எத்தனை, ஞாயிறு முறை உண்டா, கம்பெனி பஸ் எந்த இடம் வரை, எந்த இயந்திரங்கள் என்று எழுதுங்கள். வேலையில் சேருகிறவரிடமும் அதில் கையெழுத்து வாங்கிவிட்டால் பிறகு ‘சொல்லவே இல்லை’ என்ற பேச்சு யாரிடமிருந்தும் வராது.

போனஸ் கணக்கும் ஒன்று உண்டு. ஜூலை 1-ஆம் தேதி சேர்ந்தவருக்கு 90 நாள் செப்டம்பர் 28-இல் முடிகிறது. 2026-இல் தீபாவளி நவம்பர் 8. நின்றுபோக நினைப்பவர் தீபாவளிப் போனஸ் வாங்கும் வரை இருந்துவிட்டுப் போவார். கியாரண்டி ஒன்றரை மாதம் முன்பே செத்திருக்கும். 120 நாள் கேட்டாலும் அக்டோபர் 28 வரைதான் போகும். ஜூன் பிற்பாதியிலும் ஜூலையிலும் சேருகிறவர்களுக்கு மட்டும் 150 நாள் கேட்டு, அதற்காக அரை சதவீதம் கூட்டிக் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

கட்டணத்தில் பார்க்க வேண்டியது

8.33 சதவீதம் என்பது எதன் மேல்? 6,00,000 சி.டி.சி.யில் கம்பெனி பங்கு பி.எஃப்., கிராஜுவிட்டி, ஆண்டு முடிவில் தருகிற இன்சென்டிவ் எல்லாம் சேர்ந்து 96,000 என்று வைத்துக்கொண்டால், மாதாமாதம் உறுதியாகப் போகும் சம்பளம் ஆண்டுக்கு 5,04,000. அதன் மேல் கணக்கிட்டால் கட்டணம் 41,983. சுமார் 8,000 ரூபாய் குறைவு. ‘உறுதியான ஆண்டு மொத்தச் சம்பளம், பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சென்டிவ், ஜாயினிங் போனஸ் நீங்கலாக’ என்று எழுதச் சொல்லுங்கள். சதவீதத்தில் அரை, கால் என்று மல்லுக்கட்டுவதைவிட இந்த வரி அதிகம் மிச்சப்படுத்தும்.

கட்டணம் ஆள் வேலையில் சேர்ந்த பிறகே கடன் ஆக வேண்டும். ஆஃபர் லெட்டர் கொடுத்ததும் என்று இருந்தால் கூடாது. வேலை தேடி வருகிறவரிடம் ஏஜென்சி எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது, வாங்கியது தெரிந்தால் அந்த ஆளுக்கான கட்டணம் முழுதும் ரத்து என்பதும் இருக்கட்டும்.

பணம் கொடுக்கும் கெடுவில் ஒரு பொறி உண்டு. ‘குறித்த நாளில் பணம் வராவிட்டால் கியாரண்டி ரத்து’ என்று பல தாள்களில் இருக்கும். கணக்குப் பிரிவு இரண்டு நாள் தாமதித்தால் மூன்று மாதப் பாதுகாப்பு போய்விடும். பணம் வரும் வரை கியாரண்டி ‘நிறுத்தி வைக்கப்படும்’ என்று மாற்றுங்கள். அதற்காக 90 நாள் கடன் கேட்டு எழுதியும் பயனில்லை. ஏஜென்சி உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ.டி. சட்டப்படி 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி.

ஆள் இழுப்பு: ஒரே தலைப்பில் மூன்று விஷயம்

‘நான்-போச்சிங்’ என்ற தலைப்பின் கீழ் மூன்று வேறு வேறு கட்டுப்பாடுகளைக் கலந்து வைத்திருப்பார்கள். பிரித்துப் பார்த்தால்தான் எது யாருக்குச் சாதகம் என்று தெரியும்.

ஒன்று, ஏஜென்சி உங்களைக் கட்டுப்படுத்துவது: நாங்கள் அறிமுகப்படுத்திய எவரையும் 12 மாதத்துக்குள் எந்த வழியில் எடுத்தாலும் முழுக் கட்டணம் தர வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது. ரெஸ்யூமை வாங்கிக்கொண்டு ஆளை நேரடியாகக் கூப்பிட்டு ஏஜென்சியை வெட்டிவிடும் கம்பெனிகள் உண்டு. சிக்கல் ‘அறிமுகம்’ என்ற சொல்லில். ஏஜென்சி ஒரே மின்னஞ்சலில் நாற்பது ரெஸ்யூம் கொட்டிவிடும். ஐந்து மாதம் கழித்து, உங்கள் ஃபோர்மேனின் மச்சான் கேட்டில் வந்து விண்ணப்பம் கொடுப்பார். அவர் பெயர் அந்த நாற்பதில் இருக்கும். இன்வாய்ஸ் வந்துவிடும். கஞ்சிக்கோட்டில் வேலை தேடுகிற இளைஞர்கள் எல்லாக் கம்பெனிக்கும், எல்லா ஏஜென்சிக்கும் விண்ணப்பம் போட்டிருப்பார்கள் என்பதால் இது அடிக்கடி நடக்கும். எனவே, குறிப்பிட்ட ஒரு வேலைக்காக, அந்த நபரின் சம்மதத்தோடு பெயரை அனுப்பி, நேர்காணலும் நடந்தால் மட்டுமே அது அறிமுகம். காலம் ஆறு மாதம். ரெஸ்யூம் வந்த மூன்று வேலை நாளுக்குள் ‘இவர் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறார்’ என்று பதில் போட்டால் கட்டணம் இல்லை. இரண்டு ஏஜென்சிகள் ஒரே ஆளை அனுப்பினால், மின்னஞ்சல் முதலில் வந்த ஏஜென்சிக்குக் கட்டணம். ரெஸ்யூமை வாட்ஸ்அப்பில் வாங்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், எது முதலில் வந்தது என்று பின்னால் தேடிப் பிடிக்க முடியாது.

இரண்டு, நீங்கள் ஏஜென்சியைக் கட்டுப்படுத்துவது. பல தாள்களில் இது இருக்கவே இருக்காது, அல்லது சேர்த்துவிட்ட ஆளுக்கு மட்டும் ஆறு மாதம் என்று இருக்கும். ஏஜென்சி உங்களிடம் சேர்த்த ஆளை அவர் உங்களிடம் வேலை செய்யும் வரை தொடக் கூடாது. உங்கள் மற்ற ஊழியர்களைக் கடைசி இன்வாய்ஸ் தேதியிலிருந்து 12 மாதம் தொடக் கூடாது என்று கேளுங்கள். மறுபக்கத்தில், ஊழியர் தானாகவே ஜாப் போர்ட்டலில் ரெஸ்யூம் போட்டு ஏஜென்சியைத் தேடி வந்தால் அது மீறல் ஆகாது என்று அவர்கள் விலக்குக் கேட்பார்கள். அதைக் கொடுக்கத்தான் வேண்டும். முதல் அழைப்பு யாரிடமிருந்து போனது என்பதுதான் அளவுகோல். ஒருவர் நிற்கும்போது நடத்தும் எக்ஸிட் நேர்காணலில் இதை நேராகக் கேட்டு, ஏஜென்சியின் செய்தி இருந்தால் அதன் படத்தை அவர் விருப்பத்தோடு வாங்கி வைத்துக்கொண்டால் சான்று கிடைக்கும். இல்லாவிட்டால் இந்தப் பிரிவு வெறும் மிரட்டல்தான்.

மீறினால் எவ்வளவு? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-இன் கீழ் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. நீதிமன்றம் அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும். ஐந்து லட்சம் என்று பயமுறுத்த எழுதுவதைவிட, ‘அந்த ஆளுக்குக் கொடுத்த கட்டணம் திரும்பவும், அவர் இடத்துக்கு ஒரு ஆள் கட்டணமின்றியும்’ என்று நஷ்டத்தோடு ஒட்டி எழுதினால் அது நிற்கும்.

மூன்று, ஊழியரையே கட்டுப்படுத்த நினைப்பது: இவர் வேறு கம்பெனியில் சேரக் கூடாது. ஒரு தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 27. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு வேறு, வெளியேறிய பிறகு வருவது வேறு. விப்ரோ, பெக்மன் கூல்ட்டர் வழக்கில் 2006-இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஊழியர்களை இழுக்க மாட்டோம் என்று இரண்டு கம்பெனிகள் தங்களுக்குள் செய்துகொண்ட உறுதிமொழி பிரிவு 27-இல் அடிபடாது என்றது. ஆனால் போய்ச் சேர்ந்த ஊழியர்களைத் தடுத்து நிறுத்த அதைப் பயன்படுத்த முடியாது. ஏஜென்சியிடம் இழப்பீடு கேட்கலாம், ஆளைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். இதைக் கேட்பவர்கள் குறைவு. உங்களுக்குத் தருகிற இதே வாக்கை ஏஜென்சி உங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் தந்திருக்கும். கஞ்சிக்கோட்டில் உங்களுக்குத் தேவையான மாதிரி மெயின்டெனன்ஸ் ஆள்கள் இருக்கும் ஆறு கம்பெனிகளில் ஐந்து அவர்களின் வாடிக்கையாளர்கள் என்றால், அந்த ஐந்திலிருந்தும் அவர்களால் ஆள் கூப்பிட முடியாது. பெரிய ஏஜென்சி என்பதற்காகப் போனால், வலை போட முடியாத குளமாக அமையும். எந்தெந்த கம்பெனிகள் அவர்களுக்குத் தடை என்ற பட்டியலைப் பெயர் சொல்லத் தயங்கினாலும், எண்ணிக்கையாவது கேட்டு வாங்குங்கள். சின்ன ஏஜென்சி இந்த ஓர் இடத்தில் பெரியதை வென்றுவிடக்கூடும். தடையுள்ள ஏஜென்சியிடம் இந்த வேலையை எக்ஸ்க்ளூசிவாகக் கொடுக்காமல், ஒப்பந்தத்தில் ‘தனி உரிமை இல்லை’ என்று எழுதிக்கொண்டு இரண்டு ஏஜென்சிகளை வைத்துக்கொள்வது மேல்.

கடைசிப் பக்கத்தில் வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்று இருக்கும். கோவை ஏஜென்சி கோயம்புத்தூர் என்றுதான் அச்சடித்திருக்கும். ஆள் சேர்ந்து வேலை செய்வது பாலக்காடு மாவட்டத்தில். ஆகவே பாலக்காடு என்று மாற்றக் கேட்கலாம். அவர்கள் மறுத்தால் விட்டுக்கொடுங்கள். கோவை கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு மணி நேரப் பாதைதான். அந்த விட்டுக்கொடுப்பைக் காட்டி, 30 நாள் கெடுவுக்கும் பணம் திருப்பும் வரிக்கும் அவர்களைச் சம்மதிக்க வைக்கலாம்.